லைவ் முடிந்ததும் பீக் வியூவர்ஸ், சாட் ரேட் என்று எண்கள் வருகின்றன. இவற்றை வைத்து அடுத்த லைவை எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் பீக் எண்ணைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். ஏதோ ஒரு கணத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அவர்கள் ஏன் வந்தார்கள், தங்கினார்களா என்று தெரிய பார்வையாளர் எண்ணிக்கையின் வரைபடத்தை நிமிடவாரியாகப் பார்க்க வேண்டும்.

நான் செஸ் ஆட்டங்களை அலசும் லைவ் நடத்துகிறேன். ஒரு முறை பீக் 410 காட்டியது. அதுவரை 150 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 38ஆவது நிமிடத்தில் கோடு செங்குத்தாக எழும்பியது. வேறொரு சேனல் தன் லைவை முடித்துவிட்டு அங்கிருந்தவர்களை என் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. பத்தே நிமிடத்தில் 190 ஆகிவிட்டது. அப்படியானால் புதிதாக வந்த கூட்டத்தில் எனக்கு மிஞ்சியது நாற்பது பேர்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அப்புறம் நடந்தது. 65ஆவது நிமிடத்தில் பார்வையாளர்கள் அனுப்பிய ஆட்டங்களை எடுத்தேன். கோடு மெதுவாக 230க்கு ஏறி, இருபது நிமிடம் கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. சாட்டை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பீக் நிமிடத்தில் 41 செய்திகள், நூறு பேருக்குப் பத்து. இங்கே ஒரு நிமிடத்தில் 46 செய்திகள், நூறு பேருக்கு இருபது. முன்னதில் பெரும்பாலும் வணக்கம். பின்னதில் ‘குதிரையை அங்கே வைத்தால் என்ன?’ மாதிரியான கேள்விகள். அதனால் அடுத்த லைவில் அந்தப் பகுதியை 20ஆவது நிமிடத்துக்கு நகர்த்தினேன். பீக் 260தான், ஆனால் சராசரி 190இலிருந்து 215 ஆனது.

ஒரே ஒரு லைவை வைத்து முடிவு கட்டுகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும். நியாயம்தான், ஒரே மாற்றத்தைச் சில லைவ்களில் வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள். சாட்டை மட்டும் தனியாக நம்பவும் வேண்டாம். ஸ்லோ மோட் போட்டிருந்தால் ஒருவர் அடுத்தடுத்து எழுத முடியாது, ரேட் தானாகவே குறையும். ஒளிபரப்பு தாமதமும் உண்டு; சாட் எகிறிய நிமிடத்தில் அல்ல, அதற்குச் சில நொடிகள், சில நேரம் அரை நிமிடம் முன்பு என்ன பேசினீர்கள் என்று தேடுங்கள். சாட் ஓய்ந்தும் ஆட்கள் குறையாமல் இருந்தால் கவனமாகப் பார்க்கிறார்கள் என்று பொருள். இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் அந்தப் பகுதியைச் சுருக்க வேண்டும்.

விளம்பரம் தருபவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும் பாடு. ஒரு ஏஜென்சிக்கு இந்த இரண்டு வரைபடங்களையும் அனுப்பினேன். ‘பீக் மட்டும் சொல்லுங்க’ என்று பதில் வந்தது. 260 என்றதும் தொகையைக் குறைத்தார்கள். அதிகம் பேர் அதிக நேரம் இருந்த லைவுக்குக் குறைந்த பணம் தருவது எனக்கு இன்னும் ஏற்புடையதாக இல்லை. இப்போதெல்லாம் சராசரியை முதல் வரியிலேயே எழுதி அனுப்புகிறேன்.