இலை வண்டியில போன அஜெண்டா

கேள்வி: மீட்டிங்குக்கு முன்னாடியே அஜெண்டாவும் படிக்க வேண்டிய பேப்பரும் அனுப்பினா உண்மையிலேயே மீட்டிங் சீக்கிரம் முடியுமா? நான் அனுப்பினா யாரும் திறந்துகூட பாக்கறதில்ல.

நீங்க ஏதோ கம்பெனியில டீம் லீடா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். நான் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிங்க சேர்ந்து நடத்துற ஒரு உற்பத்தியாளர் கம்பெனியில நிர்வாக வேலை பாக்கறேன், பத்து டைரக்டர்கள், எல்லாருமே தோட்டம் வச்சிருக்கறவங்க. இடம் வேறன்னாலும் யாரும் படிக்கலங்கற வலி ஒண்ணுதான், அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

எங்களுக்கு சட்டப்படியே ஏழு நாள் முன்னாடி போர்டு மீட்டிங் நோட்டீஸ் எழுத்துல போகணும். நானும் தவறாம அனுப்பிட்டுத்தான் இருந்தேன். அதுல என்ன இருக்கும்னா, ஒண்ணு முந்தைய கூட்ட நடவடிக்கை, ரெண்டு வரவு செலவு, மூணு வண்டி, நாலு இதர. "வண்டி"ன்னு ஒரு வார்த்தைய பாத்துட்டு ஒருத்தர் என்னத்த யோசிச்சுட்டு வருவார்? மீட்டிங் பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா ரெண்டரை ஆகும், கோடநாடு பக்கம் போறவங்க பஸ்ஸுக்காக பாதியில எழுந்துருவாங்க, மிச்சம் இருக்கறவங்க முடிவெடுத்தா அடுத்த தடவை எழுந்து போனவங்க அதையே திரும்ப கிளப்புவாங்க. இத சரி பண்ணலாம்னு ஒரு தடவை பதினாலு பக்கம் பிடிஎஃப், அதுவும் இங்கிலீஷ்ல, வாட்ஸ்அப்ல போட்டேன். ஒருத்தரும் படிக்கல. சிலருக்கு ஹட்டிங்கற மலை கிராமத்துல சிக்னல் இல்ல, பலருக்கு அந்த சின்ன ஸ்கிரீன்ல அட்டவணைய படிக்கவே முடியல, தப்பு அவங்க மேல இல்ல.

அப்புறம் மாத்தினது இதுதான். தலைப்ப எடுத்துட்டு கேள்வியா எழுதினேன். "வண்டி"ங்கறது "இலை ஏத்த செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கலாமா, இல்ல வாடகை வண்டியே தொடரலாமா? இன்னிக்கு முடிவு வேணும், 25 நிமிஷம்"னு ஆச்சு. ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்துல இது வெறும் தகவலா, பேசறதுக்கா, முடிவெடுக்கவான்னு போட்டேன். வெறும் தகவல்னா மீட்டிங்ல அத பேசவே மாட்டோம், பேப்பர்லயே படிச்சுக்கணும். முடிவு வேணுங்கற விஷயத்துக்கு மட்டும் தமிழ்ல ஒரே ஒரு பக்கம், கீழ மூணு கோடு காலியா விட்டு "உங்க கேள்வி இங்க எழுதுங்க"ன்னு. அத பிரிண்ட் போட்டு, மீட்டிங்குக்கு அஞ்சு நாள் முன்னாடி இலை எடுக்கற வண்டியில டிரைவர் தம்பிகிட்ட கொடுத்துவிட்டேன், நோட்டீஸ் தனியா வழக்கம்போல ஏழு நாளுக்கு முன்னாடியே போயிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதே வண்டியில பேப்பர் திரும்பி வந்துச்சு, பத்துல ஏழு.

அந்த பிக்கப் கணக்க சொல்றேன், அப்பதான் இதுல என்ன லாபம்னு புரியும். நாளைக்கு 1,500 கிலோ, மாசம் 25 நாள், கிலோவுக்கு ஒன்றரை ரூபா வாடகைன்னா மாசம் 56,250. சொந்த வண்டின்னா தவணை 16,000, டிரைவர் சம்பளம் 18,000, டீசல் 14,000, இன்சூரன்ஸ் டயர் ரிப்பேர் 6,000, மொத்தம் 54,000. மாசம் 2,250 மிச்சம், வாங்கலாம்னு என் பேப்பர் சொல்லுச்சு. திரும்பி வந்த பேப்பர்ல கட்டபெட்டு பக்கத்து அக்கா ஒருத்தங்க பென்சில்ல எழுதியிருந்தாங்க, "1,500 கிலோ எந்த மாசம்?"னு.

நான் எடுத்தது செப்டம்பர், அக்டோபர் கணக்கு. மீட்டிங்குக்கு அந்த அக்கா போன வருஷ இலை நோட்டையே எடுத்துட்டு வந்தாங்க, டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை உறைபனியில நாளைக்கு 600 கிலோதான் வந்திருக்கு. அப்ப வாடகைன்னா மாசம் 22,500தான், சொந்த வண்டின்னா இலை இருந்தாலும் இல்லாட்டியும் தவணை உண்டு, டிரைவருக்கு சம்பளம் உண்டு, அதே ஊருங்கள சுத்தணும்ங்கறதால டீசலும் குறையாது, அதே 54,000. மூணு மாசத்துல 94,500 கைய விட்டு போகும், மத்த ஒம்பது மாசத்துல மிச்சமாகறது 20,250தான். வாங்க வேண்டாம், வாடகைக்காரர்கிட்ட வருஷ ஒப்பந்தம் பேசலாம்னு இருபது நிமிஷத்துல முடிவாச்சு. மொத்த மீட்டிங்கும் ஒரு மணி பத்து நிமிஷம். அந்த நோட்டு அவங்க வீட்டு பீரோவுல இருந்தது, முன்னாடியே கேட்டதனாலதான் மீட்டிங்குக்கு வந்துச்சு.

படிக்காத மூணு பேர என்ன பண்ணேன்னு கேப்பீங்க. அவங்களுக்காக நான் பேப்பர வாசிச்சு காட்டல. வாசிச்சா படிச்சுட்டு வந்த ஏழு பேருக்கு அது தண்டனை, அடுத்த தடவை அவங்களும் படிக்க மாட்டாங்க. எட்டு நிமிஷம் எல்லாரும் அமைதியா பேப்பர படிச்சோம், அப்புறம் நேரா கேள்விக்கு போனோம். அமேசான்ல மீட்டிங் ஆரம்பத்துல ஆறு பக்க குறிப்ப எல்லாரும் சேர்ந்து மௌனமா படிக்கற வழக்கம் இருக்கறது பலருக்கு தெரிஞ்சிருக்கும், உங்க ஆளுங்க எவ்வளவு கேட்டும் முன்னாடி படிக்கலன்னா அதுவே போதும். படிச்சாங்களான்னு கண்டுபிடிக்க தனியா பரீட்சை வேண்டாம், மொதல் கேள்வி "இது என்ன விஷயம்?"னு வந்தா படிக்கல, "இந்த நம்பர் எப்படி வந்துச்சு?"னு வந்தா படிச்சிருக்காங்க.

"எல்லாத்தையும் பேப்பர்ல போட்டா மீட்டிங் எதுக்கு"ன்னு சிலர் கமெண்ட்ல வருவாங்கன்னு தெரியும். எல்லாத்தையும் போட சொல்லல. எங்க எடை போடற ஆள் மேல, இலை எடையில கழிவுன்னு சொல்லி அதிகமா கழிக்கறார்னு ஒரு புகார் வந்துச்சு, அத பேப்பர்ல எழுதியிருந்தா மீட்டிங்குக்கு முன்னாடியே ஊரெல்லாம் தீர்ப்பு சொல்லியிருக்கும். ஆள் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு "பணியாளர் விஷயம், நேர்ல பேசணும், 15 நிமிஷம்"னு மட்டும் போடுவேன். இன்னொன்னு, பேப்பர்ல என் முடிவ கடைசியில "என் கருத்து"ன்னு தனியா எழுதறேன், மேலயே எழுதினா தலைவர் அண்ணன் அத புடிச்சுக்கிட்டு நாலு பேருக்கு போன் பண்ணி முடிச்சுருவார், மீட்டிங்ல பேச ஒண்ணும் இருக்காது.

உங்க கேள்விய படிச்சதும் மனசுல வந்த இன்னொண்ண சொல்லாம இருக்க முடியல. எங்களையும் ஊட்டிக்கு ஒரு அலுவலகத்துக்கு கூப்பிடுவாங்க, ராத்திரி ஒம்பது மணிக்கு மெசேஜ், "நாளை காலை 10 மணி, ஆய்வுக் கூட்டம், தவறாமல் வரவும்". எதப்பத்தின்னு ஒரு வரி இருக்காது. போன மே மாசம் அப்படி கிளம்பினேன், சீசன் டிராஃபிக்ல ஒரு மணி நேரத்துல போற ரோட்டுக்கு ரெண்டரை மணி நேரம், போய் ஒரு மணி வரை வெளிய பெஞ்சுல உட்கார்ந்து, கடைசியா கேட்டது போன வருஷ உறுப்பினர் எண்ணிக்கை. அந்த நம்பர கேக்கறாங்கன்னு மெசேஜ்ல இருந்திருந்தா போன்லயே சொல்லியிருப்பேன், அன்னிக்கு இலை எடுக்கற நாள், எங்க மையத்துல எடை போட ஆள் இல்லாம ரெண்டு மணி நேரம் பெண்கள் மூட்டையோட மழையில நின்னாங்க. அந்த கோவம் இன்னும் போகல.

உங்க அடுத்த மீட்டிங்குக்கு ஒரே ஒரு விஷயத்த மட்டும் எடுத்து கேள்வியா எழுதி, ஒரு பக்கம் அனுப்பி, கீழ மூணு கோடு விட்டு பாருங்க. மிச்சத்த பழையபடி நடத்துங்க. எத்தனை பேர் எழுதினாங்கன்னு இங்கயே வந்து சொல்லுங்க.