சம்பளத்தை மட்டும் நம்பி இ.பி. போடாதீர்கள்

கேள்வி: கடன் கொடுத்த பணத்துக்காக வழக்குப் போட்டு டிக்ரி வாங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. வட்டி, செலவு சேர்த்து இன்றைக்கு 4,75,000 ரூபாய் வர வேண்டும். ஒரு பைசா தரவில்லை. தனியார் நிறுவனத்தில் மாதம் 45,000 சம்பளம் வாங்குகிறார். வீடு மனைவி பேரில். அவரைச் சிறையில் வைக்க முடியுமா?

பதில்: முதலில் கெடு. பணத்துக்கான டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம் உண்டு. ஆனால் இரண்டு வருடம் தாண்டிவிட்டதால், நீங்கள் நிறைவேற்று மனு (இ.பி.) போட்டதும் நீதிமன்றம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பும். அவர் உஷாராகிவிடுவார் என்பதை மனதில் வைத்தே மனுவைத் தயாரியுங்கள்.

சம்பள ஜப்திதான் எளிய வழி. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவின்படி முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. 44,000-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மாதம் சுமார் 14,667 ரூபாய், உங்களுக்கு. நிறுவனம் உத்தரவை மீறி அந்தத் தொகையையும் அவரிடமே கொடுத்தால், அதற்கு நிறுவனமே பொறுப்பு.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம்தான் சம்பளத்தைப் பிடிக்கலாம். விட்டு விட்டுப் பிடித்தாலும் அதே கணக்குதான். 24 மாதத்தில் உங்களுக்கு 3,52,000 ரூபாய் வரும். மீதி 1,23,000 ரூபாயும் இடையில் ஏறும் வட்டியும் அப்படியே நிற்கும். அதற்குச் சம்பளத்தை மறுபடி தொட முடியாது.

ஆகவே சம்பள ஜப்தியோடு சேர்த்தே, கட்டளை 21, விதி 41-இன் கீழ், தன் சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய அவருக்கு உத்தரவிடக் கேளுங்கள். டிக்ரி தொகை 30 நாளாகக் கட்டப்படாமல் இருந்தாலே போதும், இதைக் கேட்கலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. சம்பளம் தவிர வேறு வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, அவருக்கு வர வேண்டிய பாக்கி எல்லாம் இதில்தான் வெளிவரும். அவர் முன்பு எந்தக் கணக்கிலிருந்து உங்களுக்குப் பணம் அனுப்பினார் என்று உங்கள் பாஸ்புக்கிலும் தேடுங்கள். வங்கியும் கிளையும் தெரிந்தால் அந்தக் கணக்கையும் ஜப்தி செய்யக் கேட்கலாம்.

வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். மனைவி தானே வாங்கியதென்றால் விட்டுவிடுங்கள். கடன் வாங்கிய பிறகு இவர் பேரிலிருந்து மனைவி பேருக்கு மாறியிருந்தால், கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று எதிர்க்க இடமுண்டு.

சரி, சிறை. கட்ட வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் இருக்கிறார் என்று நீங்கள் காட்டினால்தான் கிடைக்கும். வசதியில்லாதவரைக் கடனுக்காகச் சிறைவைக்கக்கூடாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது நியாயமும்கூட. அதிகபட்சம் மூன்று மாதம். வெளியே வந்தாலும் கடன் தீராது, ஆனால் அதே டிக்ரிக்கு அவரை மறுபடி கைது செய்ய முடியாது. ஒரே ஒரு முறைதான் என்பதால், அதைக் கடைசிக்கு வைத்திருங்கள். அதற்குள் அவரே தாக்கல் செய்த சொத்து விவரம் கையில் இருந்தால், வசதியை நிரூபிக்க அதுவே உங்கள் சாட்சியாக இருக்கும்.