பிவோட் டேபிளில் மாத வாரியாக விற்பனைத் தொகுப்பு: தேதி நெடுவரிசையை முதலில் பாருங்கள்

கேள்வி: பில்லிங் மென்பொருளிலிருந்து எடுத்த ஓராண்டு விற்பனைப் பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. பொருள் வாரியாகவும் பகுதி வாரியாகவும் மாத மொத்தம் வேண்டும். பிவோட் டேபிள் போட்டால் மாதம் வராமல் ஒவ்வொரு தேதியும் தனித்தனியாக வருகிறது. என்ன செய்வது?

பதில்:

பிவோட் டேபிளில் தெரியும் ஏதாவது ஒரு தேதியின் மீது வலது சொடுக்குச் செய்து, Group என்பதைத் தேர்ந்து, Months, Years இரண்டையும் குறித்து OK கொடுங்கள். மாதங்கள் வந்துவிட்டால் உங்கள் சிக்கல் அவ்வளவுதான். "Cannot group that selection." என்ற செய்தி வந்தால் சிக்கல் பிவோட் டேபிளில் இல்லை, மூலப் பட்டியலின் தேதி நெடுவரிசையில் இருக்கிறது. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இரண்டாவதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இதில் நானே ஒருமுறை தவறான அறிக்கை கொடுத்திருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 2024 ஏப்ரல் 1 என்பது அதற்கு 45383. நாம் பார்க்கும் 01/04/2024 அந்த எண்ணுக்குப் போட்ட தோற்றம் மட்டுமே. பில்லிங் மென்பொருள் தரும் CSV கோப்பில் தேதி நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் இருக்கும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், அந்தக் கோப்பை நேரடியாகத் திறக்கும்போது எக்செல் முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஏப்ரல் 5 அன்று போட்ட பில் (05/04/2024) மே 4 ஆகிவிடும். 13/04/2024 என்பதில் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அது தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். எழுத்தாக நிற்பவைதான் மாதமாகத் தொகுக்கவிடாமல் தடுக்கின்றன. ஆனால் உண்மையில் ஆபத்தானவை, தடை ஏதும் சொல்லாமல் தவறான தேதியாக மாறிவிட்ட முதல் 12 நாள்களின் பில்கள்.

நான் கணக்குப் பார்க்கும் எண்ணெய் மொத்த விற்பனைக் கிடங்கில், 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஆறு மாத விற்பனையைக் கோவை, திருச்சி, மதுரை என்ற மூன்று பகுதிகளுக்கும், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்ற மூன்று பொருள்களுக்கும் அக்டோபர் முதல் வாரத்தில் தொகுக்க வேண்டியிருந்தது. எழுத்தாக நின்ற தேதிகளை மட்டும் தேர்ந்து சரியான தேதிகளாக மாற்றினேன். மாதங்கள் உடனே வந்தன. மொத்தத் தொகையும் மூலப் பட்டியலின் கூட்டுத்தொகையோடு காசு பிசகாமல் பொருந்தியதால் அறிக்கையை அனுப்பிவிட்டேன். இன்னும் பிறக்காத டிசம்பரில் எப்படி விற்பனை வந்தது என்று முதலாளி கேட்டபோதுதான், ஓரத்தில் சிறு தொகைகளோடு ஜனவரி, நவம்பர், டிசம்பர் எல்லாம் நின்றதைக் கவனித்தேன். ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி போட்ட பில்கள் டிசம்பருக்குப் போயிருந்தன. தேதி மாறினாலும் தொகை மாறுவதில்லை என்பதால், மொத்தம் பொருந்துவது மாதங்கள் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

உங்களிடம் இருப்பது ஓராண்டுப் பட்டியல் என்பதால், வரக்கூடாத மாதம் என்று ஒன்று கண்ணில் படாமலே போகலாம். அதனால் வேறு விதமாகச் சோதியுங்கள். பட்டியலின் ஓரத்தில் ஒரு காலி நெடுவரிசையில் கீழுள்ள வாய்பாட்டை இட்டுக் கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள் (தேதி A நெடுவரிசையில் இருப்பதாகக் கொள்கிறேன்).

```
=IF(ISNUMBER(A2),DAY(A2),"எழுத்து")
```

விடைகளில் 1 முதல் 12 வரையான எண்களும் "எழுத்து" என்ற சொல்லும் மட்டுமே இருந்து, 13 அல்லது அதற்கு மேற்பட்ட எண் ஒன்றுகூட இல்லையென்றால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன என்று உறுதி கொள்ளலாம்.

மூல CSV கோப்பு கையில் இருந்தால் மறுபடி திறப்பதே நல்லது. கோப்பின் பெயர் முடிவை .txt என்று மாற்றி எக்செல்லின் உள்ளிருந்து File, Open வழியாகத் திறந்தால் Text Import Wizard வரும். முதல் கட்டத்தில் Delimited என்பதையும், பொருள்களின் பெயர் தமிழில் இருந்தால் File origin இடத்தில் 65001 : Unicode (UTF-8) என்பதையும் தேருங்கள், இல்லாவிட்டால் பெயர்கள் புரியாத குறிகளாக வந்து சேரும். இரண்டாம் கட்டத்தில் Comma. மூன்றாம் கட்டத்தில் தேதி நெடுவரிசையைத் தொட்டு Date என்பதில் DMY கொடுங்கள். மூலக் கோப்பு இல்லையென்றால், புதிய நெடுவரிசை ஒன்றில் இந்த வாய்பாடு இரு வகைப் பிழைகளையும் திருத்தும்:

```
=IF(ISNUMBER(A2),
  DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
  DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

இது 13/04/2024 என்பதுபோல் நாளும் மாதமும் இரண்டிலக்கமாகவும், நேரம் ஒட்டாமலும் இருக்கும் பட்டியலுக்கே பொருந்தும். கையால் ஏற்கெனவே சில தேதிகளைத் திருத்தியிருந்தால் அவற்றை இது மறுபடி கெடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேதி சரியான பின் மீதி வேலை சிறியது. பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று Ctrl+T அழுத்தி அதை டேபிள் ஆக்குங்கள். அடுத்த மாத வரிகளைக் கீழே ஒட்டினால் அவை தாமாகவே உள்ளே சேர்ந்துகொள்ளும். பிறகு Insert, PivotTable. பகுதியை Rows பெட்டியிலும், அதன் கீழேயே பொருளையும், தேதியை Columns பெட்டியிலும், தொகையை Values பெட்டியிலும் இழுத்துவிடுங்கள். தொகையாக வரி சேர்ந்த பில் மொத்தத்தை எடுக்காமல் வரிக்கு முந்தைய மதிப்பை எடுப்பதே விற்பனை அறிக்கைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. Sum of என்பதற்குப் பதிலாக Count of என்று வந்தால் தொகை நெடுவரிசையிலும் எங்கோ எழுத்தோ காலிக் கட்டமோ கலந்திருக்கிறது; அதையும் மூலத்திலேயே தேடித் திருத்துங்கள். தேதியைத் தொகுக்கும்போது Years என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் இரண்டு ஆண்டுகளின் ஏப்ரல் விற்பனையும் ஒரே ஏப்ரலில் கூடிவிடும். இரண்டையும் குறித்தால் 2024இன் ஏப்ரல் முதல் டிசம்பர் வரையும், அதை அடுத்து 2025இன் ஜனவரி முதல் மார்ச் வரையும் வரிசையாக நிற்பதால் நம் நிதியாண்டு ஒழுங்கும் தானாகவே கிடைக்கும்.

கோவை என்று இரண்டு வரிகள் வந்தால், ஒன்றின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். மூலத்தில் TRIM கொண்டு அதை நீக்கிவிட்டு, பிவோட் டேபிளின் மீது வலது சொடுக்கி Refresh கொடுங்கள். மூலத்தில் எதை மாற்றினாலும் Refresh கொடுக்கும் வரை பிவோட் டேபிள் பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கும்.

அறிக்கையை அனுப்பும் முன் நான் இப்போது தவறாமல் செய்வது ஒன்று உண்டு. ஏப்ரல் மாதம், கோவை, கடலை எண்ணெய் என்று ஏதாவது ஒரு கட்டத்தை இருமுறை சொடுக்கினால், அந்தத் தொகைக்குள் அடங்கிய பில் வரிகள் அனைத்தும் புதிய தாளில் விரியும். அந்த வரிகளின் பில் எண்களைப் பில்லிங் மென்பொருளின் அதே மாதப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன்.