அயர்ன் காண்டோர்: விங் அகலம், கிரெடிட், அதிகபட்ச நட்டம்

கேள்வி: ஒரு குறியீடு இரண்டு மாதமாக 9,700-க்கும் 10,300-க்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது 10,000-ல் நிற்கிறது, எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கிறது. அயர்ன் காண்டோர் போடலாம் என்று இருக்கிறேன். விங்கை 100 புள்ளி வைப்பதா, 200 வைப்பதா? எவ்வளவு கிரெடிட் வந்தால் போதும்? அதிகபட்சம் எவ்வளவு போகும்?

பதில்: நீங்கள் சொல்லும் நிலவரத்தில் நான் 9,600 புட்டையும் 10,400 காலையும் விற்று, 9,400 புட்டையும் 10,600 காலையும் வாங்குவேன். அதாவது 200 புள்ளி விங். ஏன் இந்த எண்கள், 100 ஏன் இல்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விற்கும் ஸ்ட்ரைக். சார்ட்டில் தெரியும் ரேஞ்சின் விளிம்பிலேயே விற்கப் பலருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த ரேஞ்ச் முடிந்துபோன இரண்டு மாதத்தைச் சொல்கிறது. வரப்போகும் 30 நாளைப் பற்றி ஆப்ஷன் சந்தை என்ன நினைக்கிறது என்பது ஐவி-யில், அதாவது இம்ப்ளைடு வோலட்டிலிட்டியில் இருக்கிறது. ஐவி 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 30 நாளில் எதிர்பார்க்கப்படும் அசைவு இப்படி வரும்:

```
10000 × 0.14 × √(30/365) ≈ 401
```

மேலேயும் கீழேயும் சுமார் 400 புள்ளி. அதனால்தான் 9,600-ம் 10,400-ம். இரண்டும் உங்கள் ரேஞ்சுக்கு 100 புள்ளி வெளியே இருப்பது நல்லது, விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நகர்வைத் தாங்க இடம் கிடைக்கும்.

இந்த ஐவி அளவில் பிரீமியங்கள் ஏறக்குறைய இப்படி இருக்கும். 9,600 புட் 42, 9,400 புட் 20. மேலே 10,400 கால் 28, 10,600 கால் 8. (கீழ்ப்பக்க புட்டுகளுக்கு ஐவி எப்போதும் கொஞ்சம் கூடுதல் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. உங்கள் திரையில் வரும் விலை வேறாக இருக்கும், விகிதம் பெரிதாக மாறாது.) புட் பக்கம் 22, கால் பக்கம் 20, மொத்த கிரெடிட் 42 புள்ளி. எக்ஸ்பைரி அன்று குறியீடு 9,600-க்கும் 10,400-க்கும் நடுவில் முடிந்தால் இந்த 42-ம் உங்களுக்கு. பிரேக் ஈவன், கீழே 9,558, மேலே 10,442.

அதிகபட்ச நட்டம் என்பது விங்கின் அகலத்தில் மொத்த கிரெடிட்டைக் கழித்தால் வருவது. 200 கழித்தல் 42, ஆக 158. இரண்டு பக்கமும் 200 இருக்கிறதே, 400 போகாதா என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு வருகிறது. எக்ஸ்பைரி அன்று குறியீடு ஒரே நேரத்தில் 9,400-க்குக் கீழேயும் 10,600-க்கு மேலேயும் இருக்க முடியாது. ஒரு பக்கம் முழுதாகத் தோற்றால் மறுபக்கம் மதிப்பில்லாமல் முடியும், அந்தப் பக்கத்தில் வாங்கிய கிரெடிட்டும் உங்களிடமே தங்கும். ஒன்று மட்டும் கவனம்: இரண்டு விங்கும் சமமாக இல்லாவிட்டால், அகலமான பக்கத்தை வைத்துத்தான் கழிக்க வேண்டும். கீழே 300, மேலே 200 என்று போட்டவர் 200-ஐ வைத்துக் கணக்குப் போட்டால், சந்தை கீழே போகும் அன்று 100 புள்ளி கூடுதலாக இழப்பார்.

சரி, இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. 100 புள்ளி விங் என்றால் 9,500 புட்டும் 10,500 காலும் வாங்க வேண்டும். அவை சுமார் 30, 15 விலையில் கிடைக்கும். கிரெடிட் 25, அதிகபட்ச நட்டம் 75. பார்த்த உடனே இதுதான் லாபகரமாகத் தெரியும், ஏனென்றால் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு கிரெடிட்டாக வருகிறது, 200 விங்கில் 21 சதவீதம்தான். ஆனால் ஒரு லாட்டை ஒரு லாட்டோடு ஒப்பிடுவது சரியில்லை. ஆபத்து சமமாக இருக்க வேண்டும் என்றால் 100 விங்கில் இரண்டு லாட்டை 200 விங்கில் ஒரு லாட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் கிரெடிட் 50, நட்டம் 150. பின்னதில் கிரெடிட் 42, நட்டம் 158.

அப்படிப் பார்த்தாலும் 100 விங்தான் மேல் போலத் தோன்றுகிறது. செலவைச் சேர்த்தால் படம் மாறும். கமிஷனும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்து ஒரு லெக்குக்கு உள்ளே போக 1 புள்ளி, வெளியே வர 1 புள்ளி என்று வையுங்கள். ஒரு லாட்டுக்கு நான்கு லெக், போய் வர 8 புள்ளி. இரண்டு லாட்டுக்கு 16. கழித்துப் பாருங்கள்: 100 விங்கில் 34, 200 விங்கிலும் 34. நட்டமும் இரண்டிலும் 166. காகிதத்தில் இருந்த சாதகம் செலவிலேயே கரைந்துவிட்டது. கமிஷன் மிகக் குறைவாகவும் இடைவெளி ஒடுங்கியும் இருக்கும் இடத்தில் மட்டும் 100 விங்கின் சாதகம் கொஞ்சம் மிஞ்சும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் நட்டம் எப்படி வருகிறது என்பதில் இருக்கிறது. குறியீடு 9,540-ல் முடிகிறது என்று வையுங்கள், விற்ற புட்டைவிட 60 புள்ளி கீழே. 100 விங் இரண்டு லாட்டில் 70 புள்ளி நட்டம், 200 விங்கில் வெறும் 18. அதுவே 9,500-ல் முடிந்தால் முன்னதில் முழு 150-ம் போய்விட்டது, பின்னதில் 58. செலவைச் சேர்க்காத கணக்கு இது. ரேஞ்சில் நகரும் குறியீடு அதை உடைக்கும்போது பல நேரம் கொஞ்சம்தான் தாண்டி நிற்கும். அந்தக் கொஞ்சத்துக்கே முழு நட்டத்தையும் கொடுத்துவிடும் அமைப்பை நான் விரும்புவதில்லை. நடுவில் முடிவெடுக்கவும் அகலமான விங்தான் அவகாசம் தருகிறது.

அப்படியானால் 300 வைக்கலாமே? 9,300 புட் சுமார் 14, 10,700 கால் சுமார் 4. கிரெடிட் 52, நட்டம் 248. 200-லிருந்து 300-க்குப் போனதில் கிரெடிட் 10 கூடியது, நட்டம் 90 கூடியது. அவ்வளவு தூரம் போகும் வாய்ப்பும் குறைவு என்பதால் சந்தை உங்களை ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு முழு நட்டத்தை மீட்க எத்தனை முழு லாபம் வேண்டும் என்று பாருங்கள். 100 விங்கில் 3, 200 விங்கில் கிட்டத்தட்ட 4, 300 விங்கில் கிட்டத்தட்ட 5. எனக்கு 200 நடுவில் சரியாக அமைகிறது. அசைவு கூடுதலான குறியீட்டில், எதிர்பார்க்கும் அசைவில் பாதி அளவு விங் என்று எடுத்துக்கொண்டால் இதே விகிதம் கிடைக்கும்.

எவ்வளவு கிரெடிட் போதும் என்றால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்க வேண்டும் என்ற விதியைக் கேட்டிருப்பீர்கள். இங்கே அதை நெருங்க 9,700 புட்டையும் 10,300 காலையும் விற்க வேண்டியிருக்கும். அப்போது கிரெடிட் சுமார் 62 வரும், நட்டம் 138 ஆகக் குறையும். ஆனால் சந்தை விலைப்படி உள்ளேயே முடியும் வாய்ப்பு 67 சதவீதத்திலிருந்து சுமார் 54 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கூடுதல் கிரெடிட் இலவசமாக வரவில்லை. அதனால் நான் ஸ்ட்ரைக்கை முதலில் முடிவு செய்வேன், கிரெடிட்டை அப்புறம் பார்ப்பேன். அகலத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே கிரெடிட் வந்தால் போட மாட்டேன், ஸ்ட்ரைக்கை உள்ளே இழுத்து அந்தத் தொகையை வரவைக்கவும் மாட்டேன். ரேஞ்ச் சந்தையில் இந்தச் சோதனை அடிக்கடி வரும். சந்தை அமைதியாக இருக்க இருக்க ஐவி இறங்கும், கிரெடிட் மெலியும். குறியீடு ஐவி சொல்வதைவிடக் குறைவாக அசைந்தால்தான் உங்களுக்கு நீண்ட காலத்தில் லாபம். ஐவி ஏற்கனவே அடிமட்டத்தில் இருக்கிறது என்றால் அந்த லாபத்துக்கு இடமே இல்லை. 30 நாளுக்குள் வட்டி விகித அறிவிப்பு, தேர்தல் முடிவு மாதிரி ஏதாவது வருகிறதா என்றும் பாருங்கள். கிரெடிட் தாராளமாக இருந்தால் பெரும்பாலும் அதற்கான காரணம் அங்கேதான் இருக்கும்.

ஆர்டர் போடும்போது நான்கு லெக்கையும் ஒரே ஆர்டராக, மொத்த கிரெடிட்டுக்கு லிமிட் வைத்துப் போடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் வாங்கும் இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு விற்கும் இரண்டையும் போடுங்கள். விங் இல்லாமல் விற்ற ஆப்ஷன் ஒரு நிமிடம் நின்றாலும் மார்ஜின் பல மடங்கு கேட்கும், அந்த நிமிடத்தில் சந்தை அசைந்தால் தடுக்கவும் ஒன்றும் இருக்காது.

எத்தனை லாட் என்பதை 158-ஐ வைத்தே முடிவு செய்யுங்கள், ஸ்டாப் லாஸை வைத்து அல்ல. ஒரு லாட் 50 என்றால் 158 × 50 = 7,900. ஒரு காண்டோரில் கணக்கின் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது உங்கள் விதியானால், 4,00,000 இருக்கும் கணக்குக்கு ஒரு லாட்தான். இரவில் வரும் செய்தியில் குறியீடு 500 புள்ளி இடைவெளி விட்டுக் கீழே திறந்தால் ஸ்டாப் ஆர்டர் நீங்கள் வைத்த விலையில் நிறைவேறாது. அன்று உங்களைக் காப்பாற்றுவது விங் மட்டும்தான்.

போட்ட மறுநாளே திரையில் நட்டம் தெரிந்தால் பதற வேண்டாம். குறியீடு அசையாமல் ஐவி மட்டும் ஏறினாலும் நான்கு லெக்கும் சேர்ந்த விலை கூடிவிடும். குறியீடு எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். எக்ஸ்பைரிக்கு முன் விற்ற ஸ்ட்ரைக்கை ஒரு தடவையாவது தொடும் வாய்ப்பு, அதற்கு வெளியே முடியும் வாய்ப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் தொடுவது அபூர்வம் இல்லை, அப்போது என்ன செய்வது என்பதைப் போடும் முன்பே எழுதி வையுங்கள்.

என் வழி இது. 42-க்கு விற்றதை 21-க்குத் திரும்ப வாங்க முடிந்தால் மூடிவிடுவேன். மீதி 21-க்காக முழு ஆபத்தையும் சுமந்துகொண்டு நிற்பது பொருத்தமில்லை. திரும்ப வாங்கும் விலை 84-ஐத் தொட்டால், அதாவது நட்டம் கிரெடிட் அளவுக்கு வந்தால், அப்போதும் மூடுவேன். இரண்டும் நடக்காவிட்டாலும் எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெளியேறிவிடுவேன். கடைசி வாரத்தில் விற்ற ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் குறியீடு நின்றால், ஒரே நாளின் 100 புள்ளி நகர்வு லாபத்தை நட்டமாகப் புரட்டிவிடும். அந்த நேரத்தில் மறுபக்க ஸ்பிரெட்டை உள்ளே இழுத்துக் கூடுதல் கிரெடிட் வாங்கும் ஆலோசனையும் கேட்பீர்கள். அது அதிகபட்ச நட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் குறியீடு திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினால் அங்கேயும் மாட்டுவீர்கள், முதல் காண்டோரை நிர்வகிக்கப் பழகும் வரை அதைத் தொடாமல் மூடிவிடுங்கள்.