நேர்காணலுக்கு முன் ஹெச்.ஆருக்கு அனுப்ப வேண்டிய ஐந்தாறு வரிகள்

அம்மா, உங்கள் மகள் இரண்டு காதுகளிலும் கருவி அணிகிறாள், எதிரே அமர்ந்து பேசினால் நன்றாகப் புரிந்துகொள்கிறாள், தொலைபேசியில் மட்டும் தடுமாறுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு முதலில் இருபது நிமிடத் தொலைபேசி உரையாடல், அடுத்து மூன்று பேர் கொண்ட குழுவுடன் வீடியோ நேர்காணல். "காது பிரச்சினையை இப்போதே சொன்னால் கூப்பிடாமலே விட்டுவிடுவார்களோ" என்பது உங்கள் பயம்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சொன்னால் ஒன்றும் ஆகாது என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். தொலைபேசியில் ஒரு கேள்வியின் பாதி காதில் விழுகிறது. மீதியை ஊகித்து அவள் பதில் சொல்கிறாள். எதிர்முனையில் இருப்பவருக்கு அவள் சரியாகக் கேட்கவில்லை என்பது தெரியாது. "கேட்டது ஒன்று, சொன்னது வேறு, பாடத்தில் தெளிவில்லை" என்று குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பைப் பிறகு யாராலும் திருத்த முடியாது. தொலைபேசிச் சுற்றை மாற்றித் தரும்படி கேட்காமல் இருப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

இன்னொன்று. தேவையைச் சொல்வதும் மருத்துவ வரலாற்றைச் சொல்வதும் ஒன்றல்ல. எத்தனை டெசிபல் இழப்பு, எந்த வயதிலிருந்து, என்ன சிகிச்சை என்பதெல்லாம் ஹெச்.ஆருக்கு வேண்டாம். அவருக்குத் தேவையானது, அன்றைக்குத் தான் எதை மாற்றி வைக்க வேண்டும் என்பது மட்டும்தான். நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரைவில் முதல் இரண்டு பத்திகளும் அவளுடைய சிறுவயதைப் பற்றியவை. அவற்றை எடுத்துவிடுங்கள். மருத்துவச் சான்றிதழையும் இப்போது இணைக்க வேண்டாம். அப்புறம், கடிதம் அவளுடைய மின்னஞ்சலிலிருந்து, அவள் பெயரில் போக வேண்டும். அம்மா எழுதினால், தன் தேவையைத் தானே பேசத் தெரியாதவள் என்று தோன்றிவிடும்.

நேர்காணல் அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக இப்படி அனுப்பச் சொல்லுங்கள்:

"வணக்கம். டேட்டா அனலிஸ்ட் பணிக்கான அழைப்புக்கு நன்றி. வியாழக்கிழமை காலை 11 மணி எனக்குச் சரியான நேரம். எனக்குச் செவித்திறன் குறைபாடு உள்ளதால் தொலைபேசியில் பேச்சு தெளிவாகக் கேட்காது. எனவே முதல் சுற்றை வீடியோ அழைப்பாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு சுற்றுகளிலும் லைவ் கேப்ஷன் வசதி வேண்டும். பேசுபவர்கள் கேமராவை ஆன் செய்து, ஒவ்வொருவராகப் பேசினால் போதும். தொழில்நுட்பக் கேள்விகளைச் சாட்டிலும் தட்டச்சு செய்தால் உதவியாக இருக்கும். இதைக் குழுவினருக்கும் அனுப்பி, செவ்வாய்க்கிழமைக்குள் உறுதி செய்ய முடியுமா? நன்றி."

அவ்வளவுதான். "சிரமத்துக்கு மன்னிக்கவும்" இல்லை, "என் குறையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" இல்லை. நேரத்தை உறுதி செய்யும் வரி முதலில் வருவதால், இது வழக்கமான ஏற்பாட்டுக் கடிதமாகவே படிக்கப்படும். இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் போன்றவை இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டத்தைக் குறிப்பிட வேண்டாம். கேட்டதுமே செய்து கொடுக்கக்கூடியவரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும்.

கடிதத்தின் இரண்டு இடங்களைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒன்று, சாட்டில் கேள்வியைக் கேட்பது. தானாக ஓடும் கேப்ஷன் பேச்சுக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். கலைச்சொற்களையும் பெயர்களையும் அடிக்கடி தவறாக எழுதும். அவளுடைய துறையில் ஒரு சொல் மாறினாலே கேள்வி மாறிவிடும். அதனால் கேப்ஷனை மட்டும் நம்புவது போதாது. கேப்ஷன் வசதி யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். கூகுள் மீட்டில் அவளே தன் திரையில் போட்டுக்கொள்ளலாம். ஜூமில், நடத்துபவரின் கணக்கில் அந்த வசதி அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். நேர்காணல் தொடங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் முதல் பத்து நிமிடம் செட்டிங்ஸைத் தேடுவதிலேயே போய்விடும்.

இரண்டாவது, "குழுவினருக்கும் அனுப்பி" என்ற சொற்கள். கடிதத்தைப் படிப்பவர் ஹெச்.ஆர், கேள்வி கேட்கப்போகிறவர்கள் வேறு ஆட்கள். இடையில் தகவல் நின்றுபோவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. ஹெச்.ஆர் அப்படியே ஃபார்வர்டு செய்யக்கூடிய அளவில் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கும், மருத்துவ விவரம் கூடாது என்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

எப்போது அனுப்புவது? அழைப்பு வந்த அன்றோ மறுநாளோ. கேப்ஷனுக்கு இரண்டு மூன்று வேலை நாள் அவகாசம் போதும். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அவரைத் தேடி ஏற்பாடு செய்ய இன்னும் அதிக நாள் ஆகும். ஆன்லைன் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பவர்கள் லிங்கைத் திறப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும். திறந்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், பிறகு மாற்றுவது கடினம்.

இனி, வரக்கூடிய பதில்கள். "கவலைப்படாதீர்கள், எங்கள் குழு ரொம்ப நட்பானது" என்று வந்தால் அது ஏற்பாடு ஆகிவிட்டதாகப் பொருள் இல்லை. "நன்றி. முதல் சுற்று வீடியோவில்தானே? லிங்க் எப்போது வரும்?" என்று அதே மின்னஞ்சல் தொடரில் கேட்கட்டும். பதிலே வராவிட்டால், குறித்த நாளுக்கு மறுநாள் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். "சான்றிதழ் அனுப்புங்கள்" என்று கேட்டால் பதற வேண்டாம். கூடுதல் தேர்வு நேரம் போன்றவற்றுக்கு நிறுவனங்கள் ஆதாரம் கேட்பதுண்டு. இந்த ஏற்பாடு தேவை என்று மட்டும் மருத்துவர் எழுதிய சிறு கடிதம் போதுமா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். எதை அனுப்பினாலும் ஹெச்.ஆருக்கு மட்டும் அனுப்ப வேண்டும், குழுவுக்கு அல்ல. "வீடியோ முடியாது, நேரில் வாருங்கள்" என்று மாற்று ஒன்றைச் சொன்னால், உடனே மறுக்காமல் அது அவளுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். அமைதியான அறையில் நேருக்கு நேர் பேசுவது அவளுக்கு வீடியோவைவிடச் சுலபமாகவும் இருக்கலாம்.

எல்லாம் உறுதியான பிறகும் அன்றைக்குக் குழுவுக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். அதற்காக ஒரு வரியை அவள் வாயில் பழக்கி வைக்கட்டும்: "தொடங்கும் முன் ஒரு விஷயம், எனக்குக் கேட்பதில் சிரமம் உண்டு, ஒவ்வொருவராகப் பேசினால் சுலபமாக இருக்கும்." சொல்லிவிட்டு உடனே வேலையைப் பற்றிய பேச்சுக்குப் போய்விடலாம். ஒரு கேள்வி புரியாவிட்டால் ஊகிக்கவே கூடாது. "நீங்கள் கேட்டது விடுபட்ட தரவுகளை எப்படிக் கையாள்வது என்பதுதானே?" என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது நல்லது.

இதே அளவு மற்ற தேவைகளுக்கும் பொருந்தும். சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டியவர் "நடுவில் பத்து நிமிட இடைவேளை" என்று கேட்கலாம். திக்குவாய் உள்ளவர் "பதிலை முடிக்கக் கூடுதல் நேரம்" என்றும், சக்கர நாற்காலியில் வருபவர் "படியில்லாத வழியும் லிஃப்ட் உள்ள தளமும்" என்றும் எழுதலாம்.

உங்கள் மகள் வேலையில் சேர்ந்த பிறகு தேவைப்படும் வசதிகளை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். பணி ஆணை கையில் வந்ததும் அதற்குத் தனியாக எழுதலாம். அழைப்பு வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். மேலே உள்ள வரைவை அவளிடமே கொடுத்து, இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.