பருப்பு விலையைக் கூட்டியதால்தான் விற்பனை விழுந்ததா?

“வெள்ளவத்தையில் சிறிய பலசரக்குக் கடை. 5ஆம் திகதி மைசூர்ப் பருப்பைக் கிலோ 300 ரூபாயிலிருந்து 330 ஆக்கினேன். வார விற்பனை 120 கிலோவிலிருந்து 102 ஆகிவிட்டது. கொள்விலை 270. பழைய விலைக்கே திரும்பவா?”

அண்ணா, அவசரப்படாதீர்கள். விலை 10 சதவீதம் ஏறியது, விற்பனை 15 சதவீதம் குறைந்தது என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 120 கிலோ சம்பள வாரத்துக் கணக்கு.

நீங்கள் இணைத்த பட்டியலில் சீனியைப் பாருங்கள். அதன் விலையை நீங்கள் தொடவில்லை. ஆனாலும் 80 கிலோ 72 ஆகியிருக்கிறது. அந்த 10 சதவீதம் மாதத்தின் போக்கு. விலை ஏறாவிட்டாலும் பருப்பு 108 அளவில்தான் போயிருக்கும். ஆகவே விலையால் போனது சுமார் 6 கிலோ, 5.6 சதவீதம். விலை 1 சதவீதம் ஏறினால் விற்பனை 0.56 சதவீதம் குறைகிறது என்று கொள்ளலாம். இலாபம் 108×30 = 3240 ரூபாயாக இருந்திருக்கும்; இப்போது 102×60 = 6120.

ஒரு வாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பில்களில் முந்தைய விலை மாற்றங்களையும் எடுத்து, சம்பள வாரத்தைச் சம்பள வாரத்தோடே ஒப்பிடுங்கள். பருப்பு முடிந்து சாக்கு காலியாகக் கிடந்த நாட்களை நீக்கிவிடுங்கள். அன்று விற்காததற்கு விலை காரணமல்ல. (நான் இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.)

பக்கத்துக் கடையும் அதே வாரம் விலையைக் கூட்டியதா என்று விசாரியுங்கள். கூட்டியிருந்தால், நீங்கள் மட்டும் கூட்டும்போது இழப்பு இதைவிட அதிகமாக இருக்கும்.