சான் பிரான்சிஸ்கோ டீமுடன் வேலை: தினசரி ராத்திரி மீட்டிங்கை எப்படிக் குறைப்பது?

கேள்வி: நான் சென்னையில், டீமில் பாதிப் பேர் சான் பிரான்சிஸ்கோவில். தினம் ராத்திரி 8:30-க்கு மீட்டிங். அப்படியும் காலையில் வந்து பார்த்தால் வேலை விட்ட இடத்திலேயே நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்:

மீட்டிங் தினம் தேவைப்படுகிறது என்றாலே, வேலையை விட்டுப் போகிறவர் எழுதி வைப்பது போதவில்லை என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நேரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பெரும்பாலான டீம்களில் ஒப்படைப்புக் குறிப்பு இப்படித்தான் இருக்கிறது: "இன்வாய்ஸ் ஜாப் ஃபெயில் ஆகுது, பாத்துட்டிருக்கேன், நாளைக்கு அப்டேட் பண்றேன்." இதை வைத்துக்கொண்டு அங்கிருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கேள்வி கேட்பார். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் போயிற்று. அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"இன்வாய்ஸ் ஜாப் நேற்றிரவு பாதியில் நின்றது. 4-வது பேட்ச் வரை முடிந்தது, 5-லிருந்து போகவில்லை. டிஸ்க் நிரம்பியதுதான் காரணம், லாகில் பார்த்துவிட்டேன். இடம் காலி செய்தாயிற்று. ஏன் திடீரென்று நிரம்பியது என்பது தெரியவில்லை. புது ரிப்போர்ட் காரணமாக இருக்கலாம், இது என் ஊகம். 5-வது பேட்சிலிருந்து ஓட்டுங்கள். முதலிலிருந்து ஓட்ட வேண்டாம், முதல் 4 பேட்ச் கஸ்டமர்களுக்கு இன்வாய்ஸ் இரண்டு தடவை போய்விடும். செவ்வாய், உங்கள் மதியம் 2 மணிக்குள் முடிய வேண்டும். மறுபடி நின்றால் ரிப்போர்ட்டை நிறுத்திவிடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம்."

இதில் மூன்று வரிகள்தான் உயிர். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தது முதலாவது. இல்லாவிட்டால் உங்கள் ஊகத்தை உண்மையென்று நம்பி அவர் எட்டு மணி நேரம் தவறான இடத்தில் தேடுவார். எதைச் செய்யக்கூடாது என்று காரணத்தோடு சொன்னது இரண்டாவது. கடைசி வரி மூன்றாவது: முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். "நாளைக்கு", "இன்று மாலைக்குள்" போன்ற சொற்களை எழுதவே எழுதாதீர்கள். கிழமையும் படிப்பவரின் ஊர் நேரமும் எழுதுங்கள்.

வாங்கிக்கொள்பவர், தான் முதலில் செய்யப்போவதை ஒரு வரியில் பதிலாக எழுத வேண்டும். வெறும் தம்ஸ் அப் போதாது. படித்தாரா, புரிந்ததா என்று அதில் தெரியாது. குறிப்பு நன்றாக இருக்கிறதா என்பதைக் காலையில் வரும் முதல் மெசேஜே சொல்லிவிடும். அது கேள்வியாக இருந்தால், அந்தக் கேள்விக்கான பதில் நேற்றைய குறிப்பில் விடுபட்டிருக்கிறது.

இது பழகிவிட்டால் வாரம் இரண்டு மீட்டிங் போதும். அவற்றை மாதம் மாற்றி மாதம் பங்கிடுங்கள். ஒரு மாதம் நம் இரவு 8:30, அது அவர்களுக்குக் காலை 8. அடுத்த மாதம் அவர்களின் மாலை 7, அது நமக்கு மறுநாள் காலை 7:30. வாரா வாரம் மாற்றினால் வீட்டில் யாராலும் எதையும் திட்டமிட முடியாது. இரவு மீட்டிங்கை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், நம் வார இறுதியைத் தின்னும். காலை மீட்டிங்கைத் திங்கள்கிழமை வைக்காதீர்கள், அவர்களுக்கு அது ஞாயிறு மாலை.

மேலே சொன்ன நேரங்கள் கோடைக்கு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை. அதனால் பன்னிரண்டரை மணி வித்தியாசம் குளிர்காலத்தில் பதின்மூன்றரை ஆகும். இன்வைட் `America/Los_Angeles` நேரத்தில் போடப்பட்டிருந்தால் உங்கள் 8:30 நவம்பரில் சத்தமில்லாமல் 9:30 ஆகிவிடும். எந்த மாதம் யார் சிரமப்படுகிறார்களோ அவர்கள் ஊர் நேரத்தில் இன்வைட்டைப் போடுவதுதான் நியாயம். இரவு மீட்டிங்கை `Asia/Kolkata`-வில் போடுங்கள். குளிர்காலத்தில் அவர்கள் காலை 7 மணிக்கு வரட்டும்.

"கிளையன்ட் காசு கொடுக்கிறான், அவன் சொல்கிற நேரம்தான்" என்று யாராவது கமென்ட் போடுவார்கள். கிளையன்ட் மீட்டிங்கைப் பற்றி நான் பேசவில்லை. ஒரே கம்பெனியில், ஒரே வேலை பார்க்கும் இரண்டு ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் இரவு முழுக்க நம் தலையில்தான் விழுகிறது. இன்னொரு கொடுமை, இரவு 9:30 வரை பேசியவரை மறுநாள் காலை 9 மணிக்கு ஏன் பஞ்ச் ஆகவில்லை என்று ஹெச்.ஆர். கேட்பது. இரவு மீட்டிங் உள்ள நாட்களுக்கு மறுநாள் 10:30 வரை காலண்டரை அடைத்து வையுங்கள். உங்கள் மேனேஜரிடம் இதற்கு மெயிலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் அப்ரைசல் நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.